நிலுவை டிக்கெட் அறிக்கையில் வயது தவறும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

2026 ஜனவரி 19, பொங்கல் விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. குழுத் தலைவருக்குக் காலை ஒன்பதரை மணிக்குப் போகவேண்டிய வாராந்திர நிலுவை அறிக்கையை நான் தயாரித்தேன். பட்டியலில் 64 டிக்கெட்டுகள் இருந்தன. வயதுப் பிரிவுகளைக் கூட்டினால் 57 வந்தது. ஏழு டிக்கெட்டுகள் எந்தப் பிரிவிலும் இல்லை. அந்த ஏழைத் தேடிப்போன காலையிலும் அதற்குப் பிந்தைய வாரங்களிலும் கற்றுக்கொண்டதை இங்கே அறிகுறி அறிகுறியாக எழுதுகிறேன். உங்கள் அறிக்கையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியில் உள்ள அமைப்பை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். எல்லாத் தீர்வுகளும் அதன்மேல்தான் நிற்கின்றன.

அறிக்கையின் அமைப்பு

டிக்கெட் கருவியிலிருந்து நிலுவைப் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, கூகுள் ஷீட்ஸில் `Data` என்ற தாளில் வைக்கிறோம். A நெடுவரிசையில் டிக்கெட் எண், B-யில் திறந்த தேதியும் நேரமும், C-யில் நிலை, D-யில் யாரிடம் இருக்கிறது என்ற பெயர். E-யில் வயதையும் F-இல் வயதுப் பிரிவையும் சூத்திரம் கணக்கிடுகிறது. `Summary` என்ற இன்னொரு தாளில் B1 கட்டத்தில் அறிக்கைத் தேதி இருக்கும். அதே தாளில் H2 முதல் H6 வரை ஒவ்வொரு பிரிவும் தொடங்கும் நாள் எண்: 0, 3, 8, 15, 31. பக்கத்தில் I நெடுவரிசையில் அவற்றின் பெயர்கள். அலுவலகத்தில் இவற்றை ஏஜிங் பக்கெட் என்றுதான் சொல்கிறோம்.

வயது என்பது ஒரே ஒரு கழித்தல். அறிக்கைத் தேதியிலிருந்து டிக்கெட் திறந்த தேதியைக் கழிக்கிறோம். ஆகவே பிழை வருவதற்கு இடங்கள் குறைவு: அறிக்கைத் தேதி தவறாக இருக்கலாம், திறந்த தேதி தவறாக இருக்கலாம், விடையைப் பிரிவுகளில் போடும் எல்லைகள் தவறாக இருக்கலாம். இவை மூன்றும் சரி என்றால், கோப்பில் வரவேண்டிய டிக்கெட் வரவில்லை என்று பொருள். கீழே உள்ள அறிகுறி எதுவானாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் போய் முடியும்.

அறிகுறி: பிரிவுகளின் கூட்டுத்தொகை மொத்தத்தைவிடக் குறைகிறது

அன்று எனக்கு நேர்ந்தது இதுதான். அப்போது வயதை `NOW()` கொண்டு கணக்கிட்டுவந்தோம். பிரிவுகளை `COUNTIFS` எண்ணியது: 0 முதல் 2 வரை, 3 முதல் 7 வரை, 8 முதல் 14 வரை, 15 முதல் 30 வரை, 30-க்கு மேல். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் `NOW()` தேதியோடு நேரத்தையும் சேர்த்தே தருகிறது. ஜனவரி 11, ஞாயிறு மாலை 6 மணிக்குத் திறந்த ஒரு டிக்கெட்டை 19-ஆம் தேதி காலை 9 மணிக்குக் கணக்கிட்டால் வயது 7 நாள் 15 மணி நேரம், அதாவது 7.625. இது 7-ஐவிடப் பெரியது, ஆகவே மூன்றாவது நாள் முதல் ஏழாவது நாள் வரையிலான பிரிவில் சேராது. 8-ஐவிடச் சிறியது, அடுத்த பிரிவிலும் சேராது. இரண்டுக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் விழுந்துவிட்டது. இப்படி 7-க்கும் 8-க்கும் இடையில் மூன்று, 2-க்கும் 3-க்கும் இடையில் இரண்டு, 14-க்கும் 15-க்கும் இடையில் ஒன்று என ஆறு டிக்கெட்டுகள் விழுந்திருந்தன. கடைசி எல்லையில் மட்டும் பள்ளம் இல்லை. அங்கே 30 வரை என்றும் 30-க்கு மேல் என்றும் எழுதியிருந்ததால் 30.4 போன்ற வயதுக்கும் இடம் இருந்தது.

உங்கள் அறிக்கையிலும் இதுதான் காரணமா என்று அறிய, E நெடுவரிசையின் எண் வடிவத்தை மாற்றி இரண்டு தசம இடங்கள் தெரியும்படி வையுங்கள். முழு எண்ணாகத் தோன்றியவை 7.63, 2.71 என்று மாறினால் காரணம் கிடைத்துவிட்டது.

ஏழாவது டிக்கெட் வேறு கதை. மின்னஞ்சலில் வந்த புகார் ஒன்றை யாரோ கையால் சேர்த்திருந்தார்கள். தேதி இடத்தில் "ஜன 12" என்று தமிழில் இருந்தது. ஷீட்ஸுக்கு அது தேதி அல்ல, வெறும் எழுத்து. கழித்தல் `#VALUE!` என்று முடிந்தது. `COUNTIFS` பிழையுள்ள கட்டங்களை எண்ணாது, எச்சரிக்கவும் செய்யாது.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. வயதை முழு நாளாக மட்டும் கணக்கிடுங்கள். பிரிவை மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு நிபந்தனைகளால் பிடிக்காமல், தொடக்க எண்ணை மட்டும் வைத்துத் தேடுங்கள். தேதியாக இல்லாதவற்றுக்கு ஆறாவது பிரிவு ஒன்றைத் திறந்துவையுங்கள். E2, F2 கட்டங்களில் முறையே இவற்றை இட்டுக் கீழே வரை இழுக்கலாம்:

```
=IF(ISNUMBER(B2), Summary!$B$1-INT(B2), "சரிபார்க்க")
=IF(ISNUMBER(E2), IFERROR(LOOKUP(E2, Summary!$H$2:$H$6, Summary!$I$2:$I$6), "சரிபார்க்க"), "சரிபார்க்க")
```

`LOOKUP` தேடும் எண்ணுக்குச் சமமான அல்லது அதற்கு அடுத்துக் கீழே உள்ள தொடக்க எண்ணை எடுத்துக்கொள்ளும். 7 என்றால் 3-இல் தொடங்கும் பிரிவு, 8 என்றால் 8-இல் தொடங்கும் பிரிவு. இரண்டு பிரிவுகளுக்கு நடுவே இடைவெளி என்ற ஒன்றே இருக்க முடியாது. வயது எதிர்மறையாக வந்தால் `LOOKUP` பிழை காட்டும், அதுவும் சரிபார்க்கவேண்டிய பிரிவுக்குப் போய்விடும்.

I7-இல் ஆறாவது பிரிவின் பெயரையும் எழுதி, J நெடுவரிசையில் எண்ணிக்கையை எடுத்து, அதற்கு அடியில் ஒரு சோதனைக் கட்டத்தையும் வைத்தேன்:

```
=COUNTIF(Data!$F$2:$F, I2)
=COUNTA(Data!A2:A)-SUM(J2:J7)
```

முதல் சூத்திரம் J2 முதல் J7 வரை. இரண்டாவது J8-இல். J8 பூஜ்யமாக இல்லாவிட்டால் அறிக்கையை அனுப்புவதில்லை என்று அன்றே முடிவுசெய்தேன். திருத்தத்துக்குப் பின் வந்த எண்கள்: 0–2 நாளில் 6, 3–7-இல் 17, 8–14-இல் 15, 15–30-இல் 11, 31-க்கு மேல் 14, சரிபார்க்கவேண்டியது 1. ஆக 64.

இங்கே ஒரு சிறிய எச்சரிக்கை. I நெடுவரிசையில் பெயரை `3-7` என்று மட்டும் தட்டச்சு செய்யாதீர்கள். ஷீட்ஸும் எக்செல்லும் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். இந்திய அமைப்பில் அது ஜூலை 3, அமெரிக்க அமைப்பில் மார்ச் 7. `8-14` கூட அமெரிக்க அமைப்பில் ஆகஸ்ட் 14 ஆகிவிடும். "3–7 நாள்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அது எழுத்தாகவே நிற்கும்.

அறிகுறி: வயது ஆயிரக்கணக்கான நாட்களாக வருகிறது

31 நாளுக்கு மேற்பட்ட பிரிவின் சராசரி வயது ஒருமுறை 4,645 நாள் என்று வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் நிலுவையில் இருக்கும் டிக்கெட் எதுவும் எங்களிடம் கிடையாது. அந்தப் பிரிவில் பத்து டிக்கெட்டுகள் இருந்தன, அவற்றில் ஒன்றுக்குத் திறந்த தேதி வெற்றாக இருந்தது.

விரிதாள் தேதியை நாட்களின் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. கூகுள் ஷீட்ஸில் பூஜ்யம் என்பது 1899 டிசம்பர் 30. அங்கிருந்து எண்ணினால் 2026 ஜனவரி 19 என்பது 46,041. வெற்றுக் கட்டம் கழித்தலில் பூஜ்யமாகக் கொள்ளப்படுவதால் அந்த டிக்கெட்டின் வயதும் நாற்பத்தாறாயிரம் நாளை ஒட்டி வந்துவிட்டது. நாற்பத்தாறாயிரத்தை ஒட்டி ஒரு வயதைக் கண்டால் வேறெதையும் ஆராயவேண்டாம், தேதி வெற்றாக இருக்கிறது. மேலே தந்த `ISNUMBER` சோதனை இதையும் பிடித்துவிடும். சராசரி போடாமல் எண்ணிக்கை மட்டும் காட்டும் அறிக்கையில் இந்தப் பிழை வெளியே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 31-க்கு மேல் ஒன்று கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: சில வயதுகள் எதிர்மறை, சில ஓராண்டுக்கு மேல், சிலவற்றில் பிழை

மூன்றும் ஒரே கோப்பில் சேர்ந்து வந்தால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்தவர் அறிக்கையைப் புதிய விரிதாளில் அமைத்தபோது இது நேர்ந்தது. அவருடைய கணக்கில் புதிய விரிதாள்கள் அமெரிக்க அமைப்பில் திறந்தன. கருவி தந்த கோப்பிலோ நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை.

ஜனவரி 5-ஆம் தேதியைக் குறிக்கும் `05/01/2026` என்பதை ஷீட்ஸ் மே 1 என்று படித்தது. வயது எதிர்மறை 102. டிசம்பர் 1-ஐக் குறிக்கும் `01/12/2025` என்பது 2025 ஜனவரி 12 ஆயிற்று. உண்மையான வயது 49 நாள், காட்டியது 372. `13/01/2026` என்பதற்குப் பதின்மூன்றாவது மாதம் இல்லையாதலால் அது எழுத்தாகவே நின்று பிழையைக் காட்டியது.

பலர் தடுக்கி விழும் இடம் இது. கண்ணுக்குத் தெரிவது பிழை காட்டும் கட்டங்கள் மட்டுமே. ஆகவே 13-ஆம் தேதி முதல் 31-ஆம் தேதி வரையிலானவற்றை ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டு, பிழைகள் மறைந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பிழை காட்டியவை ஆபத்தில்லாதவை. 1 முதல் 12 வரையிலான தேதிகள்தான் சத்தமின்றி வேறு மாதத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கின்றன. நாளும் மாதமும் ஒரே எண்ணாக உள்ளவை மட்டும், எடுத்துக்காட்டாக ஜனவரி 1, தற்செயலாகச் சரியாக இருக்கும்.

கண்டுபிடிக்க இரண்டு வழிகள். ஷீட்ஸ் தேதி என்று புரிந்துகொண்டதை வலப்பக்கம் ஒட்டி வைக்கும், எழுத்தை இடப்பக்கம் ஒட்டி வைக்கும். B நெடுவரிசையில் இரண்டும் கலந்து தெரிந்தால் சந்தேகம் உறுதி. இன்னும் நம்பகமான வழி டிக்கெட் எண். கருவி எண்களை ஏறுவரிசையில் கொடுக்கிறது. ஆகவே A நெடுவரிசைப்படி வரிசைப்படுத்தினால் B-யில் உள்ள தேதிகளும் ஏறிக்கொண்டே போகவேண்டும். ஜனவரி, ஜனவரி, மே, ஜனவரி என்று தாவினால் தவறான வரிசைகள் தாமாகவே எழுந்து நிற்கும்.

திருத்தும்போது வரிசைமுறை முக்கியம். `File` பட்டியலில் `Settings` திறந்து, `Locale` என்பதை இந்தியாவுக்கு மாற்றுங்கள். பிறகு `Data` தாளைக் காலிசெய்து கோப்பை மீண்டும் இறக்குமதி செய்யுங்கள். இறக்குமதி செய்த பிறகு அமைப்பை மட்டும் மாற்றினால் பயன் இல்லை. மே 1 என்று ஒருமுறை பதிவான எண் மே 1 ஆகவே இருக்கும், எழுதிக்காட்டும் விதம் மட்டும் மாறும். கருவியில் தேதி வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், `2026-01-05` என வரும்படி வைத்துவிடுங்கள். அதை எந்த நாட்டு அமைப்பும் மாற்றிப் படிக்காது.

அறிகுறி: சில டிக்கெட்டுகள் மட்டும் ஒரு நாள் மூப்பாகத் தெரிகின்றன

இரவுப் பணியில் இருந்த ஒருவர்தான் இதைச் சொன்னார். திங்கள் விடியற்காலை தான் திறந்த டிக்கெட்டை அறிக்கை ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் வைத்திருக்கிறது என்றார். ஒரு நாள்தானே என்று விட்டுவிட முடியாது. ஜனவரி 12 விடியற்காலை 2:10-க்குத் திறந்த டிக்கெட் 19-ஆம் தேதி ஏழு நாள் வயதுடையது, 3–7 பிரிவில் இருக்கவேண்டும். அறிக்கை அதை எட்டு நாள் என்று எண்ணி அடுத்த பிரிவுக்குத் தள்ளியிருந்தது.

காரணம் நேர மண்டலம். கருவி நேரத்தை யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் பதிந்து, அப்படியே கோப்பில் தருகிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் ஜனவரி 12 விடியற்காலை 2:10 என்பது அங்கே ஜனவரி 11 இரவு 8:40. ஆகவே நள்ளிரவு 12 முதல் காலை ஐந்தரைக்கு முன்புவரை திறந்தவை மட்டும் முந்தைய நாளுக்குப் போகும். மற்றவற்றின் நாள் மாறாது. பகலில் மட்டும் இயங்கும் குழு இந்தப் பிழையோடு பல மாதங்கள் உணராமலே இருக்க முடியும்.

உங்கள் கோப்பு எந்த நேரத்தில் இருக்கிறது என்பதை யாரிடமும் கேட்காமலே அறியலாம். ஒரு காலி நெடுவரிசையில் `=HOUR(B2)` இட்டு மணிகளைப் பாருங்கள். காலை 9 முதல் மாலை 6 வரை வேலை நடக்கும் அலுவலகத்தில் டிக்கெட்டுகள் 9-க்கும் 18-க்கும் இடையே குவியவேண்டும். அவை 3-க்கும் 12-க்கும் இடையே குவிந்திருந்தால் கோப்பு உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. அப்போது E நெடுவரிசையில் `INT(B2)` என்பதை `INT(B2+TIME(5,30,0))` என்று மாற்றுங்கள். சில கருவிகள் நேரத்தை `2026-01-11T20:40:00Z` என்ற வடிவில் தருகின்றன. ஷீட்ஸ் அதை எழுத்தாகவே வைத்துக்கொண்டால், ஒரு காலி நெடுவரிசையில் இப்படி மாற்றி, வயதை அங்கிருந்து எடுக்கலாம். ஐந்தரை மணி நேரம் இதிலேயே சேர்ந்துவிடுகிறது:

```
=DATEVALUE(LEFT(B2,10))+TIMEVALUE(MID(B2,12,8))+TIME(5,30,0)
```

கோப்பை இறக்குபவரின் சொந்த நேர அமைப்பின்படி நேரத்தை மாற்றித் தரும் கருவிகளும் உண்டு. அங்கே நீங்கள் இறக்கினால் ஒரு விடை, விடுப்பில் இருக்கும்போது சக ஊழியர் இறக்கினால் இன்னொரு விடை. ஆகவே கோப்பை இறக்கும் ஆள் மாறும் வாரத்தில் மணிகளை மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஏற்கனவே இந்திய நேரத்தில் உள்ளதோடு இன்னும் ஐந்தரை மணி நேரத்தைச் சேர்த்து, மாலை ஆறரைக்குப் பிந்தையவற்றையெல்லாம் மறுநாளுக்குத் தள்ளிவிடுவோம்.

அறிகுறி: போன வார அறிக்கையை இன்று திறந்தால் எண்கள் மாறியிருக்கின்றன

அறிக்கைத் தேதிக்கு `TODAY()` பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது கோப்பைத் திறக்கும் நாளைத்தான் தரும். 31-க்கு மேற்பட்ட பிரிவில் திங்களன்று ஒன்பது என்று படித்த தலைவர் வியாழனன்று அதே கோப்பில் பன்னிரண்டு என்று பார்ப்பார். ஒரு டிக்கெட் கூடப் புதிதாக வரவில்லை, மூன்று டிக்கெட்டுகள் 31-ஆம் நாளைத் தொட்டிருக்கின்றன. எந்த எண் சரி என்று அவர் கேட்டால் இரண்டும் சரி என்றுதான் சொல்லவேண்டியிருக்கும்.

B1-இல் சூத்திரத்தை எடுத்துவிட்டுத் தேதியைத் தட்டச்சு செய்யுங்கள். கட்டத்தில் நின்று `Ctrl+;` அழுத்தினால் அன்றைய தேதி மாறாத மதிப்பாகவே பதிவாகும். அறிக்கையின் தலைப்பிலும் இன்ன தேதி நிலவரப்படி என்று எழுதுங்கள். கூடவே `History` என்று ஒரு தாள் வைத்து, ஒவ்வொரு வாரமும் ஆறு எண்களையும் நிலுவையில் உள்ள டிக்கெட் எண்களையும் மதிப்புகளாக மட்டும் ஒட்டிவையுங்கள். இறுதி அறிகுறிக்கு அந்தத் தாள் தேவைப்படும்.

அறிகுறி: பழைய டிக்கெட் புதிய பிரிவில் இருக்கிறது

டிசம்பர் முதல் இழுத்துக்கொண்டிருக்கும் டிக்கெட் என்று எல்லாருக்கும் தெரியும், அறிக்கையோ இரண்டு நாள் என்கிறது. இங்கே முதலில் பார்க்கவேண்டியது B நெடுவரிசையின் தலைப்பு. கருவியை நிர்வகிப்பவர் ஏற்றுமதியில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்தால் நெடுவரிசைகள் ஓரிடம் நகரும். திறந்த தேதி இருந்த இடத்தில் கடைசியாகத் திருத்திய தேதி வந்து நிற்கும். அதுவும் முறையான தேதியே என்பதால் எந்தச் சோதனையும் தடுக்காது. டிக்கெட்டில் யாராவது ஒரு குறிப்பு எழுதினாலே வயது பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அறிக்கை திடீரென்று மிக நன்றாகத் தெரியும் வாரத்தில் இதைச் சந்தேகியுங்கள். மேலே சொன்ன டிக்கெட் எண் வரிசை இங்கேயும் கைகொடுக்கும்: சிறிய எண்ணுக்குப் பக்கத்தில் நேற்றைய தேதி இருந்தால் அது திறந்த தேதியாக இருக்க முடியாது.

தலைப்பு சரியாகவே இருந்தால், வயதை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் குழப்பம். வேறொரு குழுவில் நாற்பது நாள் இருந்துவிட்டு நேற்று நம்மிடம் வந்த டிக்கெட்டுக்கு வயது 41-ஆ, 1-ஆ? நம் குழுவின் பார்வையில் 1 என்று எண்ணத் தோன்றும். நான் அதை ஏற்பதில்லை. புகார் கொடுத்தவர் 41 நாளாகக் காத்திருக்கிறார், பிரிவு அவருடைய காத்திருப்பைத்தான் காட்டவேண்டும். நம்மிடம் வந்த தேதிக்குத் தனி நெடுவரிசை வைத்து, தலைவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்படி செய்தோம். யார் தாமதித்தார்கள் என்ற கேள்விக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

அறிகுறி: கருவியில் காட்டும் நிலுவையைவிட அறிக்கையின் மொத்தம் குறைவு

J8 பூஜ்யம், ஆனால் கருவியின் முகப்பில் 71 என்றும் உங்கள் கோப்பில் 64 என்றும் இருந்தால், விரிதாளில் தேடவேண்டாம். கோப்பை இறக்கும் தேடலில் நிலைகள் எப்படிக் குறிப்பிடப்பட்டுள்ளன என்று பாருங்கள். `Open`, `Pending` ஆகிய நிலைகளில் உள்ளவற்றை எடு என்று எழுதியிருந்தால், நிர்வாகி பிற்பாடு `Awaiting Vendor` என்றொரு நிலையைச் சேர்த்த நாளிலிருந்து அந்த டிக்கெட்டுகள் வரமாட்டா. நிலுவையிலேயே மிக நீண்ட நாள் கிடப்பவை பெரும்பாலும் அவையே. தேடலைத் திருப்பி எழுதுங்கள்: `Closed`, `Resolved`, `Cancelled` அல்லாத எல்லாவற்றையும் எடு. நாளை புதிய நிலை எது வந்தாலும் அது அறிக்கைக்குள் வந்து விழும், கண்ணில் படும்.

வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருப்பவற்றை நீக்கிவிடலாமா என்று எங்கள் குழுவிலும் கேட்டார்கள். நீக்கவேண்டாம். பிரிவுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையாக அவற்றின் எண்ணிக்கையைக் காட்டினால் போதும்.

அறிகுறி: விடுமுறை முடிந்த வாரத்தில் எல்லாமே முதிர்ந்துவிடுகின்றன

ஜனவரி 14, புதன் மாலை திறந்த டிக்கெட்டை 19-ஆம் தேதி அறிக்கை ஐந்து நாள் என்றது. வியாழன், வெள்ளி பொங்கல் விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு. வேலை நாளாகக் கணக்கிட்டால் ஒன்றே ஒன்று. குழுவினரின் வருத்தம் நியாயமானது.

விடுமுறைத் தேதிகளை L2:L20-இல் எழுதிவைத்து, வேலை நாள் வயதுக்குத் தனி நெடுவரிசை அமைக்கலாம்:

```
=MAX(0, NETWORKDAYS(B2, Summary!$B$1, Summary!$L$2:$L$20)-1)
```

`NETWORKDAYS` தொடக்க நாளையும் இறுதி நாளையும் சேர்த்தே எண்ணும். அதனால்தான் ஒன்றைக் கழிக்கிறோம், இல்லாவிட்டால் இன்று திறந்ததும் ஒரு நாள் வயதாகத் தெரியும். சனிக்கிழமை திறந்ததை ஞாயிறன்று கணக்கிட்டால் எதிர்மறை வரும், `MAX` அதைத் தடுக்கிறது. நான் பிரிவுகளை நாட்காட்டி நாளிலேயே வைத்திருக்கிறேன். வேலை நாள் வயதை முதல் இரண்டு பிரிவுகளுக்கு மட்டும் பக்கத்தில் காட்டுகிறேன். 31-ஐத் தாண்டியவற்றில் நான்கு நாள் விடுமுறையால் பேச்சு மாறப்போவதில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் குழுவுக்கு இந்த நெடுவரிசை தேவையே இல்லை.

அறிகுறி: 31-க்கு மேற்பட்ட பிரிவு ஒரே வாரத்தில் வீங்கிவிட்டது

ஜனவரி 12 அறிக்கையில் அந்தப் பிரிவில் 9 டிக்கெட்டுகள். 19-ஆம் தேதி 14. தலைவர் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும், ஆகவே அனுப்புவதற்கு முன்பே விடையைக் கையில் வைத்திருங்கள்.

வாராந்திர அறிக்கையில் ஒரு டிக்கெட் 31-க்கு மேல் ஏறுவதற்கு இயல்பான வழி ஒன்றுதான். போன வாரம் அதன் வயது 24 முதல் 30-க்குள் இருந்திருக்கவேண்டும். ஏழு நாள் கழித்து அது 31 முதல் 37-க்குள் இருக்கும். ஆகவே போன வாரத்தின் 15–30 பிரிவிலிருந்து ஏறக்கூடியவை எவை என்பது முன்கூட்டியே தெரிந்த பட்டியல்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. பழைய 9-இல் அந்த வாரம் 2 மூடப்பட்டன, மீதி 7. போன வாரம் 24 முதல் 30 நாள் வயதில் இருந்து இன்னும் மூடப்படாதவை 4. கூட்டினால் 11. ஆனால் அறிக்கை 14 என்கிறது. மூன்று டிக்கெட்டுகள் வேறு வழியாக உள்ளே வந்திருக்கின்றன. `History` தாளில் போன வாரம் ஒட்டிவைத்த எண்களோடு `COUNTIF` கொண்டு ஒப்பிட்டதும் அந்த மூன்றும் கிடைத்தன. போன வாரப் பட்டியலிலேயே அவை இல்லை.

ஒன்று, நவம்பர் 28-இல் வேறொரு குழுவிடம் திறக்கப்பட்டு அந்த வாரம் எங்களிடம் மாற்றப்பட்டது, வயது 52. இன்னொன்று டிசம்பர் 3-இல் திறந்து, டிசம்பர் 15-இல் மூடி, ஜனவரி 14-இல் புகார்தாரரின் வேண்டுகோளால் மீண்டும் திறந்தது. கருவி பழைய தேதியையே வைத்துக்கொண்டதால் வயது 47. இரண்டும் உண்மையான நிலுவையே. பிரிவில் அப்படியே விட்டு, குறிப்பு மட்டும் எழுதினேன். மூன்றாவதன் வயது 370. கையால் சேர்க்கும்போது 14/01/2026 என்பதற்குப் பதில் 14/01/2025 என்று எழுதியிருந்தார்கள். ஆண்டு மாறிய முதல் வாரங்களில் விரல் பழைய ஆண்டையே தட்டிவிடும். திருத்தியதும் அது 3–7 பிரிவுக்குப் போயிற்று.

அதே நேரத்தில் "ஜன 12" என்று இருந்த டிக்கெட்டின் தேதியையும் முறையாக எழுதினேன். வயது 7, அதுவும் 3–7 பிரிவில் சேர்ந்தது. தலைவருக்குப் போன இறுதி எண்கள் 6, 19, 15, 11, 13, சரிபார்க்கவேண்டியது 0. மொத்தம் 64. கீழே ஒரே வரி சேர்த்திருந்தேன்: 31-க்கு மேல் 9-இலிருந்து 13 ஆனதில் மூடியவை 2, வயதேறி வந்தவை 4, வேறு குழுவிலிருந்து வந்தது 1, மீண்டும் திறந்தது 1.